USD/CHF 0.8800: எது அடிப்படை நாணயம், எது விலை நாணயம்?

சுவிட்சர்லாந்திலிருந்து எனக்கு ஓர் இன்வாய்ஸ் வந்தது. தொகை 6,000 ஃபிராங்க். என் கையில் இருந்தது டாலர் கணக்கு. வங்கி அனுப்பிய விலைத்தாளில் USD/CHF என்று போட்டு, பக்கத்தில் 0.8800 என்று இருந்தது. நான் அதை "ஒரு ஃபிராங்க் 0.88 டாலர்" என்று படித்தேன். 6,000-ஐ 0.88-ஆல் பெருக்கி, 5,280 டாலரை மாற்றி அனுப்பச் சொல்லிவிட்டேன்.

அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது 4,646.40 ஃபிராங்க் மட்டுமே. 1,353.60 ஃபிராங்க் குறைந்ததால் சரக்கை நிறுத்தி வைத்துவிட்டார்கள். மீதியை அனுப்ப இன்னும் 1,538 டாலர் தேட வேண்டியிருந்தது. இரண்டாவது முறை அனுப்புகைக் கட்டணமும் கட்டினேன். வங்கி எந்தத் தவறும் செய்யவில்லை. தாளில் எழுதியிருந்தது சரியாகத்தான் இருந்தது, அதை நான் தலைகீழாகப் படித்தேன்.

அன்றிலிருந்து நாணய விலையைப் பார்க்கும்போது நான் பின்பற்றும் வரிசையைக் கீழே எழுதுகிறேன். எண்களை அந்த இன்வாய்ஸிலிருந்தே எடுத்துக்கொள்கிறேன். உங்கள் கையில் உள்ள விலைத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் நல்லது.

## 1. குறியீட்டை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்

முதலில் இருப்பது அடிப்படை நாணயம். பேஸ் கரன்சி என்றும் சொல்வார்கள். இரண்டாவதாக இருப்பது விலை நாணயம், அதாவது கோட் கரன்சி. விலை என்பது எப்போதும் அடிப்படை நாணயத்தின் ஒரே ஒரு அலகுக்கு உரியது. அந்த ஓர் அலகை வாங்க விலை நாணயத்தில் எவ்வளவு வேண்டும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது.

ஆகவே USD/CHF 0.8800 என்றால் "ஒரு டாலருக்கு 0.88 ஃபிராங்க்". EUR/USD 1.0850 என்றால் "ஒரு யூரோவுக்கு 1.085 டாலர்". USD/JPY 149.80 என்றால் "ஒரு டாலருக்கு 149.80 யென்". இந்த வாக்கியத்தை முழுசாகச் சொல்லிப் பார்க்காமல் கால்குலேட்டரைத் தொடாதீர்கள். என் தவறு நடந்தது சரியாக இந்த இடத்தில்தான்.

ஏன் தவறுகிறோம் என்றால், நடுவில் உள்ள சாய்கோடு நம்மை ஏமாற்றுகிறது. km/h என்று எழுதினால் "ஒரு மணி நேரத்துக்கு இத்தனை கிலோமீட்டர்" என்று படிக்கிறோம். அங்கே கோட்டுக்குக் கீழே உள்ளதுதான் ஓர் அலகு. அந்தப் பழக்கத்தில் USD/CHF-ஐப் பார்த்தால் "ஒரு ஃபிராங்குக்கு இத்தனை டாலர்" என்றுதான் மனம் படிக்கும். நாணயச் சந்தையில் அந்தக் கோடு வகுத்தல் குறி இல்லை. இரண்டு பெயர்களைப் பிரித்துக் காட்டும் கோடு, அவ்வளவுதான். பல திரைகளில் கோடே இல்லாமல் USDCHF என்று சேர்த்தும் எழுதியிருக்கும். அதற்கும் இதே பொருள்தான். கணக்கும் அறிவியலும் நன்றாகப் படித்தவர்கள்தான் இதில் அதிகம் சறுக்குவார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் அலகு எழுதும் முறை அவர்கள் கையில் ஊறிப்போயிருக்கிறது.

எழுத்துகளையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். மூன்றெழுத்துக் குறியீடுகளில் பெரும்பாலும் முதல் இரண்டு எழுத்து நாட்டைக் குறிக்கும், மூன்றாவது நாணயத்தின் முதலெழுத்து. JPY ஜப்பானின் யென், CAD கனடாவின் டாலர். CHF-இல் உள்ள CH, சுவிட்சர்லாந்தின் லத்தீன் பெயரான Confoederatio Helvetica-விலிருந்து வந்தது. அதைச் சீனா என்று நினைத்துவிட வேண்டாம். சீன யுவானின் குறியீடு CNY. இன்வாய்ஸில் வெறும் $ குறி மட்டும் இருந்தால் அது அமெரிக்க டாலரா, கனடா டாலரா, ஆஸ்திரேலிய டாலரா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

## 2. எது முன்னால் வரும் என்பதை ஊகிக்காதீர்கள்

சந்தையில் ஒரு வழக்கமான வரிசை உண்டு. யூரோ எல்லாவற்றுக்கும் முன்னால். அப்புறம் பிரிட்டிஷ் பவுண்ட், ஆஸ்திரேலிய டாலர், நியூசிலாந்து டாலர், அமெரிக்க டாலர், கனடா டாலர், சுவிஸ் ஃபிராங்க், யென். எந்த இரண்டை எடுத்தாலும் இந்த வரிசையில் முந்தி வருவதுதான் அடிப்படை நாணயம். அதனால்தான் EUR/USD, GBP/USD என்ற ஜோடிகளில் அமெரிக்க டாலர் பின்னால் இருக்கிறது, USD/CHF, USD/JPY என்ற ஜோடிகளில் அதே டாலர் முன்னால் வந்துவிடுகிறது.

ஒரே நாணயம் ஒரு ஜோடியில் அடிப்படையாகவும் இன்னொன்றில் விலையாகவும் இருப்பதுதான் புதியவரைக் குழப்புகிறது. யூரோவுக்கு நன்றாகப் பழகிய ஒருவர், "டாலரில்தானே விலை சொல்வார்கள்" என்று எடுத்துக்கொண்டு ஃபிராங்குக்கு வந்தால் தவறிவிடுவார். எனக்கு நடந்ததும் அதுதான். அதற்கு முன் சில வருடங்களாக நான் செலுத்தியதெல்லாம் யூரோ இன்வாய்ஸ்கள். எல்லாவற்றுக்கும் பெருக்கியே பழகியிருந்தேன்.

எங்கிருந்து எண்ணை எடுக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள், ஒவ்வொரு இடமும் தனக்கென்று ஒரு முறை வைத்திருக்கிறது. ஐரோப்பிய மத்திய வங்கியின் தினசரிக் குறிப்பு விலைகளில் எல்லாமே ஒரு யூரோவுக்கு இத்தனை என்றுதான் இருக்கும். அமெரிக்க ஃபெடரல் ரிசர்வின் H.10 பட்டியல் பெரும்பாலும் ஒரு டாலருக்கு இத்தனை என்று தருகிறது. ஆனால் யூரோ, பவுண்ட், ஆஸ்திரேலிய டாலர், நியூசிலாந்து டாலர் ஆகியவற்றை மட்டும் நட்சத்திரக் குறி போட்டு, ஓர் அலகுக்கு இத்தனை அமெரிக்க டாலர் என்று தலைகீழாகத் தரும். சிகாகோவின் CME சந்தையில் யென் ஃப்யூச்சர்ஸ் ஒரு யென்னுக்கு இத்தனை டாலர் என்று விலை பேசப்படுகிறது. அதாவது USD/JPY-க்கு நேர் எதிர். யென்னை நூறு நூறாகச் சேர்த்து, 100 யென்னுக்கு இத்தனை என்று தரும் பட்டியல்களும் இருக்கின்றன. ஆகவே தலைப்பு வரியையும் அடிக்குறிப்பையும் படிக்காமல் நடுவிலிருந்து ஓர் எண்ணை மட்டும் உருவி எடுக்காதீர்கள்.

## 3. பெருக்கலா, வகுத்தலா என்று முடிவு செய்யுங்கள்

உங்கள் கையில் உள்ள தொகை எந்த நாணயத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அது அடிப்படை நாணயம் என்றால் விலையால் பெருக்குங்கள். விலை நாணயம் என்றால் விலையால் வகுங்கள்.

என் இன்வாய்ஸ் ஃபிராங்கில் இருந்தது. USD/CHF ஜோடியில் ஃபிராங்க் விலை நாணயம். ஆகவே வகுக்க வேண்டும்:

```
6000 / 0.8800 = 6818.18 USD
```

5,280 எங்கே, 6,818 எங்கே! இவ்வளவு பெரிய வித்தியாசம் ஏன் கண்ணில் படவில்லை என்று நானே பலமுறை யோசித்திருக்கிறேன். காரணம், விலை 1-க்குப் பக்கத்தில் இருந்ததுதான். யென் விஷயத்தில் இப்படித் தவறவே முடியாது. 2,000 டாலரை 149.80-ஆல் வகுத்து 13 யென் என்று வந்தால் யாருக்கும் உடனே உறைத்துவிடும். ஆனால் ஃபிராங்க், யூரோ போன்றவற்றில் பெருக்கினாலும் வகுத்தாலும் நம்பும்படியான ஒரு தொகை வந்து நிற்கும். எனவே விலை 0.8-க்கும் 1.3-க்கும் நடுவில் இருக்கும் ஜோடிகளில்தான் அதிகக் கவனம் வேண்டும்.

அதற்கு ஓர் எளிய சோதனை வைத்திருக்கிறேன். ஒரு டாலருக்கு 0.88 ஃபிராங்க்தான் கிடைக்கிறது என்றால், ஒரு டாலர் ஒரு ஃபிராங்குக்கு எட்டவில்லை. ஃபிராங்க்தான் கனமான காசு. கனமான காசை வாங்க லேசான காசு அதிக எண்ணிக்கையில் வேண்டும். ஆகவே 6,000 ஃபிராங்குக்கு டாலர் 6,000-க்கு மேல்தான் வந்தாக வேண்டும். 5,280 என்று வந்தால் கணக்கு தவறு. விலை 1-க்கு மேல் இருந்தால் அடிப்படை நாணயம் கனமானது, 1-க்குக் கீழே என்றால் விலை நாணயம் கனமானது. இதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

"யூரோ எப்போதும் டாலரைவிடப் பெரியது" என்பது மாதிரி மனப்பாடம் செய்ய வேண்டாம். 2022 ஜூலையில் EUR/USD ஒன்றுக்குக் கீழே இறங்கியது. அப்போது யூரோதான் லேசான காசு. எண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், பெயரைப் பார்த்து இல்லை.

## 4. இரண்டு விலை இருந்தால் உங்களுக்குரியது எது?

பெரும்பாலும் ஒரு விலை இருக்காது, இரண்டு இருக்கும். என் விலைத்தாளில் முழுசாக இருந்தது இப்படி:

```
USD/CHF   0.8800 / 0.9040
```

இடப்பக்கம் உள்ள சிறிய எண் பிட். வலப்பக்கம் உள்ள பெரிய எண் ஆஸ்க், சிலர் ஆஃபர் என்பார்கள். இரண்டும் விலை சொல்பவரின் பார்வையிலிருந்து எழுதப்பட்டவை, இரண்டும் அடிப்படை நாணயத்தைப் பற்றியவை. வங்கி ஒரு டாலரை 0.8800 ஃபிராங்குக்கு வாங்கிக்கொள்ளும், 0.9040 ஃபிராங்குக்கு விற்கும்.

இங்கே புதியவர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. "நான் ஃபிராங்க் வாங்குகிறேன், அதனால் எனக்கு வாங்கும் விலை" என்று போனால் தவறு. ஃபிராங்க் வாங்குவது என்றால் டாலரை விற்பது. விற்கப்படும் டாலரை வங்கி வாங்குகிறது. ஆகவே எனக்குரியது பிட், அதாவது 0.8800. கேள்வியை எப்போதும் அடிப்படை நாணயத்தை வைத்தே கேளுங்கள்: நான் அடிப்படை நாணயத்தைக் கொடுக்கிறேனா, வாங்குகிறேனா? கொடுத்தால் சிறிய எண். வாங்கினால் பெரிய எண்.

அவசரத்தில் 0.9040-ஐ எடுத்திருந்தால் 6,637.17 டாலர் போதும் என்று வந்திருக்கும். 181 டாலர் துண்டு விழுந்திருக்கும். சந்தேகம் வந்தால் இரண்டு எண்களையும் போட்டுப் பாருங்கள். உங்களுக்கு அதிகச் செலவு வைக்கும் எண்தான் உங்களுக்குரியது. விலை சொல்பவர் தன் லாபத்தை அந்த இடைவெளியில்தான் வைத்திருக்கிறார், எனவே இந்தச் சோதனை பொய்க்காது.

சில தாள்களில் பிட், ஆஸ்க் என்று இல்லாமல் "நாங்கள் வாங்கும் விலை", "நாங்கள் விற்கும் விலை" என்று இருக்கும். அந்த "நாங்கள்" வங்கிதான். அப்படிப்பட்ட தாளில் பெரும்பாலும் ஒரு நாணயத்தின் பெயர் மட்டுமே இருக்கும், அதுதான் அடிப்படை. இன்னொன்று அந்த ஊர்க் காசு என்று சொல்லாமலே வைத்திருப்பார்கள்.

## 5. ஜோடியைத் திருப்பினால் இரண்டு எண்களும் இடம் மாறும்

சில மாற்றுக் கருவிகள் சந்தை வழக்கத்தைப் பார்க்காமல் நீங்கள் கேட்ட வரிசையில் CHF/USD என்று காட்டும். தவறில்லை, ஆனால் அங்கே ஃபிராங்க் அடிப்படையாகிவிடுகிறது. ஒன்றை விலையால் வகுத்தால் திருப்பிய விலை கிடைக்கும். இரண்டு விலை இருக்கும்போது, பழைய ஆஸ்க்கிலிருந்து புதிய பிட்டும் பழைய பிட்டிலிருந்து புதிய ஆஸ்க்கும் வரும்:

```
1 / 0.9040 = 1.1062   (CHF/USD பிட்)
1 / 0.8800 = 1.1364   (CHF/USD ஆஸ்க்)
```

இப்போது நான் அடிப்படை நாணயமான ஃபிராங்கை வாங்குகிறேன், ஆகவே பெரிய எண் எனக்குரியது. 6,000 x 1.1364 = 6,818.40 டாலர். முன்பு வந்த 6,818.18-க்கும் இதற்கும் உள்ள 22 சென்ட் வித்தியாசம் நான்கு இலக்கத்தோடு நிறுத்தியதால் வந்தது. பெரிய தொகை என்றால் திருப்பிய எண்ணைப் பயன்படுத்தாமல் வங்கி கொடுத்த மூல எண்ணைக் கொண்டே கணக்குப் போடுங்கள்.

வரைபடம் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கோடு ஏறினால் அடிப்படை நாணயம் வலுவடைகிறது என்று பொருள். "யென் உயர்ந்தது" என்று செய்தி வந்த அன்று USD/JPY கோடு கீழே போயிருக்கும். இரண்டும் ஒன்றையே சொல்கின்றன.

## 6. செலவு எங்கே ஒளிந்திருக்கிறது

இணையத்தில் தேடினால் வரும் விலை பெரும்பாலும் நடு விலை, பிட்டுக்கும் ஆஸ்க்குக்கும் சரியாக நடுவில் உள்ளது. அந்த விலைக்கு உங்களுக்குப் பெரும்பாலும் மாற்றித் தரமாட்டார்கள். என் தாளில் இரண்டு விலைகளுக்கும் நடு 0.8920. அந்த விலையில் 6,000 ஃபிராங்குக்கு 6,726.46 டாலர் ஆகும். எனக்கு ஆனது 6,818.18. வித்தியாசம் 91.72 டாலர், ஏறக்குறைய 1.4 சதவீதம். "கட்டணம் இல்லை" என்று எழுதியிருந்தாலும் இந்தத் தொகையை நீங்கள் கட்டத்தான் போகிறீர்கள். அதனால் இரண்டு இடங்களில் விலை கேட்டால், ஃபிராங்க் கைக்குச் சேர மொத்தம் எத்தனை டாலர் என்று மட்டும் கேட்டு ஒப்பிடுங்கள். அப்படிக் கேட்டால் இடைவெளியும் கட்டணமும் சேர்ந்தே வரும்.

விலை எத்தனை இலக்கம் நகர்ந்தது என்பதைப் பிப் என்ற அளவில் சொல்வார்கள். பெரும்பாலான ஜோடிகளில் நான்காவது தசம இலக்கம் ஒரு பிப், யென் விலை நாணயமாக இருக்கும் ஜோடிகளில் இரண்டாவது இலக்கம். அதற்குப் பின்னால் சிறிதாக ஓர் இலக்கம் இருந்தால் அது பிப்பில் பத்தில் ஒன்று. லாப நட்டம் எப்போதும் விலை நாணயத்தில்தான் முதலில் வரும். 10,000 டாலருக்கு USD/CHF ஒரு பிப் நகர்ந்தால் வித்தியாசம் 1 ஃபிராங்க், 1 டாலர் இல்லை.

## 7. காகிதங்களைப் பக்கத்தில் வைத்துச் சரிபாருங்கள்

மூன்று தாள் வேண்டும்: இன்வாய்ஸ், வங்கி கொடுத்த விலைத்தாள், மாற்றத்துக்குப் பிறகு வரும் உறுதிச் சீட்டு.

இன்வாய்ஸில் எண் எழுதும் முறையைப் பாருங்கள். ஜெர்மனி போன்ற நாடுகளில் ஆயிரத்துக்குப் புள்ளியும் தசமத்துக்குக் காற்புள்ளியும் போடுவார்கள். 6.000,00 என்றால் ஆறாயிரம். சுவிட்சர்லாந்தில் 6'000.00 என்று மேலே ஒரு கொம்பு போட்டு எழுதுவதைப் பார்க்கலாம். விலையும் 0,8800 என்று வரலாம்.

விலைத்தாளில் ஜோடியின் பெயர், இரண்டு விலைகள், நேரம், அந்த விலை எதுவரை செல்லும் என்ற நான்கும் இருக்க வேண்டும். வெறும் எண் மட்டும் சொன்னால் "எதற்கு எது?" என்று கேளுங்கள். "ஒரு டாலருக்கு 0.88 ஃபிராங்க்" என்ற முழு வாக்கியத்தை எழுதி அனுப்பச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. நான் இப்போது மின்னஞ்சலில் அப்படியே எழுதி, "இது சரிதானா?" என்று கேட்டு, பதில் வந்த பிறகுதான் ஒப்புதல் கொடுக்கிறேன்.

உறுதிச் சீட்டில் வாங்கிய நாணயம், அதன் தொகை, விற்ற நாணயம், அதன் தொகை, விலை, பணம் கைமாறும் நாள் ஆகியவை இருக்கும். இரண்டு தொகைகளில் விலை நாணயத்தின் தொகையை அடிப்படை நாணயத்தின் தொகையால் வகுங்கள். 6,000-ஐ 6,818.18-ஆல் வகுத்தால் 0.8800 வர வேண்டும். வேறு எண் வந்தால் உடனே தொலைபேசியை எடுங்கள்.

மாற்றச் சொல்லும்போது தொகையை எந்தப் பக்கத்தில் நிலையாக வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். நான் "5,280 டாலரை மாற்றி அனுப்புங்கள்" என்றேன். "அந்தப் பக்கம் 6,000 ஃபிராங்க் போய்ச் சேர வேண்டும்" என்று சொல்லியிருந்தால் என் கணக்குத் தவறு அங்கேயே வெளிப்பட்டிருக்கும். இன்வாய்ஸ் எந்த நாணயத்தில் இருக்கிறதோ அந்த நாணயத்தில்தான் கட்டளை கொடுங்கள்.

## 8. நாள் கணக்கு

பெரிய வங்கிகளுக்கு இடையிலான ஸ்பாட் வர்த்தகத்தில் இன்று பேசிய விலைக்குப் பணம் கைமாறுவது பொதுவாக இரண்டு வேலை நாள் கழித்து. USD/CAD போன்ற சில ஜோடிகளுக்கு ஒரு நாள். இரண்டு நாணயங்களின் நாடுகளிலும் அந்த நாள் வேலை நாளாக இருக்க வேண்டும், ஒரு பக்கம் விடுமுறை என்றாலும் தள்ளிப்போகும். ஆகவே வெள்ளிக்கிழமை கட்ட வேண்டிய இன்வாய்ஸுக்குப் புதன்கிழமையே விலையை முடித்துவிட வேண்டும். இடையில் வேறு வங்கி வழியாகப் போகும் என்றால் இன்னும் ஒரு நாள் முன்னால்.

ஐரோப்பிய மத்திய வங்கியின் குறிப்பு விலை வேலை நாட்களில் மத்திய ஐரோப்பிய நேரம் மாலை 4 மணி வாக்கில் வரும். அது தகவலுக்கு மட்டும், அந்த விலையில் பணம் மாற்ற முடியாது. முந்தைய நாள் போட்ட கணக்கோடு ஒப்பிட அதைப் பயன்படுத்தலாம். உங்கள் வங்கி சொன்ன விலையும் அதுவும் மூன்று நான்கு சதவீதம் விலகியிருந்தால், ஒன்று இடைவெளி மிக அகலம், இல்லையென்றால் ஜோடியைத் திருப்பிப் படித்திருக்கிறீர்கள். முதல் படிக்குத் திரும்பி, வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.